‘பல சவால்களுக்கு இடையிலும்…’ என்று தொடங்கும் வாழ்த்தைத் திருத்துவது எப்படி?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் தூத்துக்குடியில் கிளியரிங் ஆபீஸ், லாரி ஆபீஸ், உப்புக் கம்பெனி என்று வித்தியாசம் இல்லாமல் எல்லா இடத்திலும் ஒரே வேலை நடக்கும். போன வருட வாழ்த்தைத் தேடி எடுத்து, வருடத்தை மட்டும் மாற்றி, எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவரும் அதே வேகத்தில் ஒரு கைகூப்பும் படத்தைத் திருப்பி அனுப்புவார். இருவருமே எதையும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த வாழ்த்தை எப்படிச் சீர்செய்வது என்று ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பரை எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாக வெறும் அலங்காரமாக எழுதப்படும் ‘சவால்கள்’ என்ற சொல்லுக்கு அந்த மாதம் இந்த ஊரில் நிஜமாகவே பொருள் இருந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. ஊருக்குள் பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. அதற்கு ஓரிரு நாள் முன்புதான் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதலுக்குப் பயந்து மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக்-லாய்டு போன்ற பெரிய கப்பல் கம்பெனிகள் அந்த வழியை நிறுத்திவைத்திருந்தன. ஐரோப்பா போக வேண்டிய பெட்டிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டிய நிலை. பத்து நாளோ அதற்கு மேலோ கூடுதல்.

இந்தப் பின்னணியில், நடுத்தரமான ஒரு கிளியரிங் ஆபீஸ் இப்படி ஒரு வாழ்த்தைத் தயார் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி, இறக்குமதி வேலையோடு சொந்தமாக நாலு லாரியும் ஓடுகிறது. நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்கள்.

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே! முத்துநகரிலிருந்து முத்தான வாழ்த்துகள்! இந்த ஆண்டு முழுவதும் எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் வைத்த நம்பிக்கைக்கும் நல்லாதரவுக்கும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். பல சவால்களுக்கு இடையிலும் தங்களுக்குச் சிறந்த சேவையை வழங்கினோம். வரும் ஆண்டிலும் தங்கள் பொன்னான ஆதரவை நாடுகிறோம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு மற்றும் பொங்கல் நல்வாழ்த்துகள்! ஏற்றுமதி, இறக்குமதி, கிடங்கு, லாரி – அனைத்துக்கும் ஒரே இடம்!”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் மாற்றினால் தூத்துக்குடி நகைக்கடை ஒன்று இதை அப்படியே அனுப்பலாம். அதுதான் இதன் கோளாறு. அனுப்புகிறவர் பெயரை மாற்றிப் பாருங்கள், வாங்குகிறவர் பெயரை மாற்றிப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரு சொல்கூட உறுத்தவில்லை என்றால் அந்த வாழ்த்து யாருக்கும் எழுதப்படவில்லை.

முதலில் பட்டியல், பிறகுதான் எழுத்து

வாசகத்தைத் தொடுவதற்கு முன் ஜாப் ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டும். அந்த வருடம் வேலை செய்த பார்ட்டிகளின் பெயரை ஒரு எக்ஸெல் தாளில் இறக்கி, பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த வருடம் அவரோடு நடந்த ஒரு விஷயம். ஒரே ஒரு விஷயம் போதும். எது நடந்ததென்று முதலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. துறைமுகத்துக்கும் சி.எஃப்.எஸ்ஸுக்கும் அலைகிற பையனுக்கும், ஷிப்பிங் பில் போடுகிற பெண்ணுக்கும்தான் தெரியும். யாருடைய பெட்டி கேட் மூட அரைமணி நேரம் இருக்கும்போது உள்ளே போனது, யார் ராத்திரி பதினொரு மணிக்கு இன்வாய்ஸைத் திருத்தி அனுப்பினார், யார் டிரைவருக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கும். ஒரு மாலைப்பொழுது டீயும் பஜ்ஜியும் வாங்கி வைத்துவிட்டு அவர்களைப் பேசவிட்டால் பத்தி நிரம்பிவிடும்.

நிரம்பியபின் மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். உண்மையிலேயே ஏதாவது நடந்தவர்கள் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். இவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டாவது, வேலை வந்தது, முடிந்தது, பணம் வந்தது என்ற அளவில் இருப்பவர்கள். இவர்கள்தான் அதிகம். இவர்களைச் சரக்கு வாரியாகப் பிரித்தால் போதும்: கரூர் துணி, பொள்ளாச்சி தென்னை நார், சிவகாசிக்குப் போகும் தாள், முந்திரி. ஒவ்வொரு குழுவுக்கும் அந்தச் சரக்கைத் தொட்ட ஒரே ஒரு உண்மையான வரி.

மூன்றாவது வகைக்கு இந்த வாழ்த்தே போகக் கூடாது. பில்லில் தகராறு நிற்பவர்கள், டிமரேஜ் யார் கட்டுவது என்று இன்னும் பேச்சு ஓடுபவர்கள், வேறு ஏஜென்டிடம் போய்விட்டவர்கள், அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்தவர்கள். கடைசியில் சொன்னவர்களைப் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். இறப்பு நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல், தீபாவளி கொண்டாடாத வழக்கம் நம் பக்கம் உண்டு. அவருக்கு ‘இனிய பொங்கல்’ என்று கரும்பும் பானையும் போட்ட படம் போனால், இத்தனை நாள் பழகியும் நம் வீட்டு விஷயம் இவனுக்குத் தெரியவில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றும். அவரிடம் போனில் இரண்டு வார்த்தை பேசுவதே முறை.

எதை அடிக்க வேண்டும்

இப்போது வாசகத்தை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். போனில் அந்த ஆளிடம் நீங்கள் சொல்லவே மாட்டீர்கள் என்று தோன்றுகிற சொல் ஒவ்வொன்றின் மீதும் கோடு போடுங்கள். ‘தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ முதலில் போகும். நன்றி என்றால் நன்றி. ‘பொன்னான ஆதரவு’ தேர்தல் நோட்டீஸில் இருக்கட்டும்.

‘முத்துநகரிலிருந்து முத்தான வாழ்த்துகள்’ என்பதை அடிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், ஏனென்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் அது பிடித்த விளையாட்டு. சிப்பிக்குள் முத்து, பக்கத்தில் பாய்மரக் கப்பல், மேலே பனிமய மாதா கோயில் கோபுரம் என்று படம்கூடத் தயாராக இருக்கும். ஆனால் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இன்று கிளியரிங் வேலை பார்ப்பவர்களில் அநேகம் பேர் முத்துக்குளிப்பைப் பார்த்ததே இல்லை. ஊர்ப் பெருமையாக அதைச் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கரூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இந்த மாதிரி முத்து இந்த ஊரிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு வந்திருக்கும்.

‘சிறந்த சேவையை வழங்கினோம்’ என்பதை இரக்கம் பார்க்காமல் அடியுங்கள். சிறந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் வாங்குகிறவர். அதுவும் வெள்ளத்தில் மூன்று நாள் தகவல் இல்லாமல் தவித்தவருக்கு இந்த வரி எரிச்சலைத்தான் கிளப்பும். ‘அனைத்துக்கும் ஒரே இடம்’ விளம்பரம். அதை ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல் தனியாக அனுப்பிக்கொள்ளலாம். வாழ்த்தின் அடியில் விளம்பரம் இருந்தால் மேலே உள்ள நன்றியெல்லாம் அதற்குப் போட்ட பீடிகையாகிவிடும்.

மூன்று பண்டிகையையும் ஒரே வரியில் கட்டுவதும் அப்படித்தான். யாருக்கு எது என்று யோசிக்கச் சோம்பல்பட்டதைத்தான் அது காட்டும். கடற்கரைப் பக்கத்து வாடிக்கையாளருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து டிசம்பர் 24க்குள் போகட்டும். பொங்கல் கொண்டாடுபவருக்குப் பொங்கலன்று போகட்டும். காயல்பட்டினத்து வியாபாரிக்குப் புத்தாண்டு மட்டும் போதும். அவருக்குப் பெருநாள் வாழ்த்து அதற்குரிய நாளில் சொன்னால்தான் மரியாதை.

அடித்து முடித்தால் ‘பல சவால்களுக்கு இடையிலும்’ என்ற துண்டு மட்டும் மிஞ்சும். அதை அடிக்க வேண்டாம். என்ன சவால் என்று எழுதுங்கள்.

உண்மையை வைப்பது

கரூரிலிருந்து ஜெர்மனிக்கு வீட்டு உபயோகத் துணி அனுப்பும் ஒருவர். அவருடைய பெயருக்கு எதிரே ‘டிச. 18 – இரண்டு பெட்டி சி.எஃப்.எஸ்ஸில் நின்றது, பேச முடியவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டுப் பையன்களைப் பற்றிக் கேட்டார்’ என்று குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். வாழ்த்து இப்படி வரும்:

“வணக்கம் சார். 18ஆம் தேதி உங்கள் பெட்டி இரண்டும் இங்கே நின்றபோது எங்களால் ஒரு போன்கூடப் பண்ண முடியவில்லை. மறுநாள் லைன் கிடைத்ததும் நீங்கள் சரக்கைப் பற்றிக் கேட்கவில்லை, ‘பசங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்களா’ என்றுதான் கேட்டீர்கள். ஆபீஸில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செங்கடல் விஷயத்தில் லைன்காரர்கள் நாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உறுதியாகத் தெரிகிற அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.”

இதை வேறு யாருக்கும் திருப்பி அனுப்ப முடியாது. கவனித்தால், இதில் ‘நாங்கள் தண்ணீரில் நின்று உழைத்தோம்’ என்ற பாட்டு இல்லை. வெள்ளத்தைக் குறிப்பிடும்போது பெரிய ஆபத்து அதுதான். பையன்கள் முழங்கால் தண்ணீரில் ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தது உண்மையாகவே இருக்கலாம். வாழ்த்தில் அதைப் போட்டால் கூலி கேட்பது போல ஆகிவிடும். அதற்குப் பதிலாக அவர் செய்த ஒன்றைச் சொன்னால் நன்றி என்ற சொல்லே இல்லாமல் நன்றி போய்ச் சேரும்.

செங்கடல் வரியையும் பாருங்கள். அதில் வாக்குறுதி எதுவும் இல்லை. வாழ்த்து என்றாலே ‘ஜனவரியிலிருந்து எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு வரி தானாக வந்து விழும். 2023இல் அப்படி எழுதியவர் மாட்டியிருப்பார். டிசம்பர் 24 அன்று மெர்ஸ்க் கம்பெனி செங்கடல் வழியை மறுபடி தொடங்கத் தயாராவதாக அறிவித்தது. அதை நம்பி ‘வழி திறந்துவிட்டது சார்’ என்று 28ஆம் தேதி வாழ்த்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வார இறுதியிலேயே அவர்களுடைய ‘மெர்ஸ்க் ஹாங்சோ’ கப்பல் தாக்கப்பட்டது. ஜனவரி 2இல் மறுபடியும் நிறுத்தம். வாழ்த்தில் எழுதியது வெறும் ஆசைதான் என்றாலும், வாங்குகிறவர் ஏஜென்ட் சொன்ன தகவலாகத்தான் அதை எடுத்துக்கொள்வார்; தன் ஜெர்மன் பையருக்கு மெயிலும் போட்டுவிடுவார்.

உண்மையை எழுதுவதற்கும் எல்லை உண்டு. பெட்டி எண், பையர் பெயர், விலை, நீங்கள் கொடுத்த ரேட் எதுவும் வாழ்த்தில் வரக் கூடாது. நல்ல வாழ்த்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிறருக்குக் காட்டுவார்கள். கரூரில் ஒரே தெருவில் நாலு போட்டிக்காரர்கள் இருப்பார்கள். அதேபோல, உங்கள் பக்கம் தவறு நடந்து அவருக்கு டிடென்ஷன் விழுந்திருந்தால் அதற்கான மன்னிப்பை இதற்குள் நுழைக்காதீர்கள். பணத்தில் முடிய வேண்டியதைப் பணத்தில் முடியுங்கள்: கிரெடிட் நோட் போட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அதன்பிறகு வாழ்த்து அனுப்புங்கள். ‘எங்கள் தவறால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு’ என்று பண்டிகை உற்சாகத்தில் எழுதிய வரி, மார்ச்சில் பில் தகராறு வரும்போது அச்செடுத்து மேசை மேல் வைக்கப்படும்.

இரண்டாவது ஆள் உள்ளூர்க்காரர். முள்ளக்காடு பக்கம் உப்பளம், உங்கள் லாரியில் உப்பு ஏற்றி அனுப்புகிறவர். தூத்துக்குடி உப்பளங்களுக்கு மழைக்காலம் எப்போதுமே ஓய்வுக்காலம்தான். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து மூடி வைத்துப் பிறகு விற்பார்கள். அந்த வெள்ளத்தில் குவித்து வைத்த உப்பும் போனது, பாத்தியும் போனது. இவருக்கு ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்று அனுப்புவதைவிட ஒன்றும் அனுப்பாமல் இருக்கலாம். எழுதுவதானால் பேசுகிற மாதிரி எழுத வேண்டும்:

“அண்ணாச்சி, வணக்கம். உப்பு கரைஞ்சதுக்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. தண்ணி வடிஞ்சிருச்சுன்னு நம்ம டிரைவர் சொன்னான். பாத்தி சரிபண்ண மண்ணு அடிக்கணும்னா ரெண்டு வண்டி சும்மாதான் நிக்கி. டீசல் மட்டும் போட்டுக்கிடுங்க, வாடகை வேண்டாம். வருஷம் நல்லபடியா விடியட்டும்.”

‘தாங்கள்’ என்ற சொல்லை இவரிடம் பத்து வருடமாக ஒருநாள்கூடச் சொன்னதில்லை என்றால் டிசம்பர் 31 அன்று மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? வழக்கமாக ‘அண்ணாச்சி’ என்றால் அதுவே இருக்கட்டும். கரூர்க்காரர் ‘சார்’ என்றால் சார். இங்கிலீஷில் மட்டுமே மெயில் எழுதிக்கொண்டவருக்கு வாழ்த்தும் இங்கிலீஷில்தான் இயல்பாக இருக்கும்.

லாரி விஷயம் நுட்பமானது. வாடகை இல்லாமல் வண்டி விட நிஜமாகவே மனமிருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள். அவர் நாளைக்கே கூப்பிடுவார். கூப்பிட்டபோது ‘வண்டி வெளியூர் போயிருக்கு’ என்று சொல்ல நேர்ந்தால், மொத்தமாக எழுதிய வாழ்த்தைவிட இது மோசமாகிவிடும். இன்னொரு பக்கம், வாடகைக்கு விடுவதையே உதவி போலப் பூசி எழுதினால் அதுவும் விளம்பரம்தான், அண்ணாச்சிக்கு அது ஒரு நொடியில் தெரியும்.

மூன்றாவது ஆள் அக்டோபரில்தான் வந்தார். இரண்டே ஷிப்மென்ட். சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே இட்டுக்கட்டக் கூடாது. “வணக்கம் சார். அக்டோபரில் புதிதாக வந்தீர்கள், இரண்டு வேலையும் சிக்கல் இல்லாமல் முடிந்தது. நன்றி. புத்தாண்டு வாழ்த்துகள்.” அவ்வளவுதான். புது ஆளிடம் ‘பல்லாண்டு உறவு’ என்று எழுதினால் அவர் சிரிப்பார்.

இரண்டாம் வகைக்கான பொது வாழ்த்தும் இதே அளவில் இருக்கலாம். தென்னை நார் அனுப்புகிறவர்களுக்கு ‘வெள்ள வாரத்தில் ஆலையிலிருந்து லாரியை நிறுத்தச் சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினீர்கள்’ என்ற ஒரு வரி எல்லோருக்கும் பொருந்துமானால் அதைப் போடலாம். பத்துப் பேரில் இரண்டு பேர் நிறுத்தவில்லை, சண்டை போட்டார்கள் என்றால் அந்த இரண்டு பேருக்கு அந்த வரி போகக் கூடாது. பட்டியல் தாளில் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்புவதில் கெடுவது

நன்றாக எழுதியதை அனுப்பும்போது கெடுத்துவிடுகிறவர்கள் நிறைய. வாட்ஸ்அப்பில் ஆபீஸில் வேறொருவர் எழுதி அனுப்பியதை அமுக்கிப் பிடித்து வாடிக்கையாளருக்குத் தள்ளினால் மேலே ‘Forwarded’ என்று விழும். அதன்பிறகு உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. வாசகத்தை நகலெடுத்து ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒட்டி அனுப்புங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆபீஸுக்கென்று புதிதாக வாங்கிய எண்ணிலிருந்து அனுப்பினால் பாதிப் பேருக்குப் போயே இருக்காது, உங்களுக்கும் அது தெரியாது. வருடம் முழுக்க அந்த வாடிக்கையாளரோடு பேசியவர் டாக்குமென்ட் பார்க்கும் பெண் என்றால், அவருடைய எண்ணிலிருந்து, அவர் பெயரோடு போவதே நல்லது. கீழே முதலாளி பெயரும் இருக்கலாம்.

மெயில் மெர்ஜ் போடுகிறவர்கள் பெயர்ப் பத்தியைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். கணக்கு லெட்ஜரிலிருந்து எடுத்த பெயர் ‘M/S’ என்று தொடங்கி, முழுக்கப் பெரிய எழுத்தில், கடைசியில் ‘(OLD)’ என்று முடியும். ‘அன்புள்ள M/S’ என்று போனால் மானம் போகும். பத்தி காலியாக இருந்தால் ‘அன்புள்ள’ என்பதற்குப் பிறகு வெறும் காற்புள்ளிதான் நிற்கும். முதல் ஐந்து மெயிலை உங்கள் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றதை விடுங்கள்.

அனுப்பும் நேரமும் முக்கியம். டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய போனும் வாழ்த்தால் நிரம்பியிருக்கும். 27, 28 தேதிகளில் காலை பத்து மணிக்கு மேல் அனுப்பினால் படிப்பார்கள். ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அன்று அவருடைய பெட்டிக்குக் கட்-ஆஃப் இருக்கிறதா? ஃபீடர் கொழும்புக்குப் புறப்படும் நாளில் ஏற்றுமதிக்காரர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ‘பெட்டி ஏறிவிட்டது’ என்ற செய்திக்குக் காத்திருப்பார். உங்கள் பெயர் திரையில் மின்னும், பதறித் திறப்பார், உள்ளே வாழ்த்து. அன்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அவர் காதில் ஏறாது. பெட்டி ஏறிய செய்தியை முதலில் சொல்லிவிட்டு, வாழ்த்தை மறுநாளைக்குத் தள்ளுங்கள்.

பதில்கள் வரத் தொடங்கியதும் எது சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். வெறும் கைகூப்பும் படம் வந்தால் அந்த வரி தொடவில்லை. ‘அந்த டிரைவர் தம்பி இப்ப எப்படி இருக்கான்?’ என்று ஒரு கேள்வி வந்தால் தொட்டிருக்கிறது; அன்றே பதில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரண்டு நாள் கழித்துச் சொல்லும் பதில் மறுபடியும் ஆபீஸ் கடிதமாகிவிடும். சிலர் வாழ்த்துக்குப் பதிலாக நிலுவையில் உள்ள டிராபேக் என்ன ஆனது என்று கேட்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அவருக்கு வேண்டிய வாழ்த்து அதுதான். கணக்குப் பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஜாப் ரெஜிஸ்டரில் அந்தக் ‘குறிப்பு’ பத்தியை நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஜாப்பும் முடிந்து பில் போடும்போதே, வேலை பார்த்தவர் அதில் நாலு சொல் எழுதட்டும். ‘பேக்கிங் லிஸ்ட் தப்பு, அவரே ஒத்துக்கொண்டார்’, ‘மகளுக்குக் கல்யாணம், ஆனியில்’ – இந்த அளவு போதும்.